அதிரும் குழாய் மாஸ் ஃப்ளோ மீட்டர்: தேங்காய் எண்ணெய் லோடிங்கில் நிறையை நேரடியாக அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் தேங்காய் எண்ணெயை லிட்டரில் அளந்து டேங்கரில் ஏற்றி, கிலோ கணக்கில் பணம் வாங்கும் ஆலைகளில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து நேராக வரும் எண்ணெய் 55 டிகிரியில் இருக்கும். இரவு முழுக்கத் தொட்டியில் ஆறிய எண்ணெய் 30 டிகிரிக்கு வந்துவிடும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் நிறை ஏறத்தாழ 0.914 கிலோ. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அது சுமார் 0.0007 கிலோ வீதம் குறைவதால், 55 டிகிரியில் 0.8965 கிலோ ஆகிவிடுகிறது. கன அளவை அளக்கும் மீட்டர் இரண்டு நாளும் 10,000 லிட்டர் என்றே காட்டினாலும், ஒரு நாள் வண்டியில் ஏறியது 9,140 கிலோ. மறுநாள் ஏறியது 8,965 கிலோ. இந்த 175 கிலோ வித்தியாசத்துக்காகத்தான் ஆலைக்காரரும் களியக்காவிளை தாண்டிச் சரக்கு வாங்கிப் போகிறவரும் எடை மேடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

வெப்பநிலையைத் தனியே அளந்து, அட்டவணை பார்த்து லிட்டரைக் கிலோவாக மாற்றுவது ஒரு வழி. கோரியோலிஸ் மீட்டர் என்ற அதிரும் குழாய் மானியைப் பொருத்தி, குழாயைக் கடக்கும் நிறையையே அளப்பது இன்னொரு வழி. இந்த வழிகாட்டி இரண்டாவது வழியைப் பற்றியது. அடர்த்தி மாறினாலும் இந்த மானியின் அளவு ஏன் மாறுவதில்லை என்பதை முதலில் பார்ப்போம். அது புரிந்தால்தான் பொருத்தும்போதும் ஜீரோ செய்யும்போதும் எதில் கவனம் வேண்டும் என்பது விளங்கும்.

மானிக்குள் என்ன நடக்கிறது

மானியின் உள்ளே பெரும்பாலும் U வடிவில் வளைந்த இரண்டு எஃகுக் குழாய்கள் அருகருகே இருக்கும். உள்ளே வரும் எண்ணெய் இரண்டாகப் பிரிந்து, இரண்டிலும் ஓடி, மறுபடி ஒன்றுசேர்ந்து வெளியேறும். வளைவின் நடுவில் உள்ள டிரைவ் காயில் இந்தக் குழாய்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கியும் நெருக்கியும் அதிரச் செய்கிறது. அதிர்வு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. விநாடிக்கு நூறு முறை என்ற அளவில் நடக்கும். குழாயின் இயல்பு அதிர்வெண் எதுவோ அதில்தான் அது அதிரும். உள்ளே நுழையும் காலிலும் வெளியேறும் காலிலும் ஒவ்வொரு பிக்-அப் காயில் உண்டு. குழாயின் அசைவை அவை மின் அலையாக மாற்றி டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்புகின்றன.

ஓட்டம் இல்லாதபோது இரண்டு காயில்களின் அலைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். எண்ணெய் ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. உள்ளே நுழையும் எண்ணெய், அசையாத முனையிலிருந்து அதிகமாக அசையும் வளைவை நோக்கிப் போகிறது. போகப் போக அதன் பக்கவாட்டு வேகம் கூட வேண்டும். அந்த வேகத்தைக் குழாய்தான் கொடுக்க வேண்டியிருப்பதால், எண்ணெய் குழாயைப் பின்னுக்கு இழுக்கிறது. திரும்பும் காலில் இதற்கு நேர்மாறாக, எண்ணெய் தன்னிடம் உள்ள பக்கவாட்டு வேகத்தைக் குழாய்க்கே கொடுத்துவிட்டு வருவதால் அதை முன்னுக்குத் தள்ளுகிறது. ஒரு கால் பின்னுக்கும் மறுகால் முன்னுக்கும் போவதால் U வடிவம் சற்றே முறுகுகிறது. பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ் 1835-இல் எழுதிய விசை இதுதான். நுழையும் பக்கத்து அலை கொஞ்சம் பிந்தும், வெளியேறும் பக்கத்து அலை கொஞ்சம் முந்தும். இரண்டுக்கும் இடையிலான நேர வித்தியாசத்தைத்தான் டிரான்ஸ்மிட்டர் அளக்கிறது.

அடர்த்தி எங்கே காணாமல் போகிறது

ஒரு காலின் மேல் செயல்படும் விசை இரண்டு விஷயங்களின் பெருக்கலைப் பொறுத்தது: அந்தக் காலுக்குள் எவ்வளவு நிறை இருக்கிறது, அது எவ்வளவு வேகமாக நகர்கிறது. இந்தப் பெருக்கல்தான் விநாடிக்கு இவ்வளவு கிலோ என்ற பாய்வு. கணக்கில் பார்ப்போம். உள்விட்டம் 40 மில்லிமீட்டர் உள்ள குழாயில் மணிக்கு 9,000 கிலோ, அதாவது விநாடிக்கு 2.5 கிலோ எண்ணெய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் ஒரு மீட்டர் நீளக் குழாயில் 1.149 கிலோ எண்ணெய் இருக்கும்; அது விநாடிக்கு 2.176 மீட்டர் வேகத்தில் நகரும். 55 டிகிரியில் அதே ஒரு மீட்டரில் 1.127 கிலோதான் இருக்கும். ஆனால் வேகம் 2.219 மீட்டராகக் கூடியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 2.5 கிலோதான் வருகிறது. இலேசான எண்ணெய் வேகமாக ஓடி, குறைந்ததை ஈடுகட்டிவிடுகிறது. குழாய் உணர்வது பெருக்கலை மட்டுமே.

இதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. அடர்த்தி குறைந்தால் அதிரும் அமைப்பின் மொத்த நிறையும் குறைகிறது. அதனால் குழாய் முன்னைவிட வேகமாக அதிரும். அதிர்வு மாறினால் விசையும் மாறுமே, அப்படியானால் அளவும் மாறாதா என்ற கேள்வி நியாயமானது. விடை கீழே உள்ள ஐந்து வரிகளில் இருக்கிறது. இதில் `ω` குழாய் ஊசலாடும் கோண வேகம், `qm` நிறைப் பாய்வு, `L` காலின் நீளம், `r` நடு அச்சிலிருந்து காலுக்கு உள்ள தூரம், `T` முறுக்கு விசை, `Ks` முறுக்குக்குக் குழாய் காட்டும் விறைப்பு, `θ` முறுகிய கோணம், `Δt` நேர வித்தியாசம்.

```
T  = 4 · ω · qm · r · L
θ  = T / Ks
Δt = 2 · r · θ / (ω · L)
Δt = 8 · r² · qm / Ks
qm = Ks · Δt / (8 · r²)
```

முதல் வரியில் முறுக்கு விசையைக் கூட்டும் அதே `ω`, மூன்றாம் வரியில் வகுத்தலாக வந்து வெட்டுப்பட்டுவிடுகிறது. வேகமாக ஆடும் குழாய் அதிகம் முறுகும் என்பது உண்மை. ஆனால் அது வேகமாக ஆடுவதாலேயே, முறுகியதால் ஏற்பட்ட இடைவெளியைக் குறைந்த நேரத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே நேர வித்தியாசத்தில் அதிர்வெண்ணும் மிஞ்சுவதில்லை, அதிர்வின் வீச்சும் மிஞ்சுவதில்லை. கடைசி வரியில் எண்ணெயைச் சார்ந்த எண் ஒன்றுகூட இல்லை; `Ks`, `r` இரண்டும் எஃகுக் குழாயின் குணங்கள். அவற்றைச் சேர்த்து ஒரே மாறிலியாக, மானியைத் தயாரிக்கும் ஆலையிலேயே அளவுதிருத்தம் செய்து, மானியின் தகட்டில் பொறித்துவிடுகிறார்கள்.

நுட்பமாகப் பார்த்தால், முறுகும் அசைவுக்கும் ஒரு நிலைமம் உண்டு என்பதால் அதிர்வெண்ணின் மிகச் சிறிய சாயல் எஞ்சியிருக்கும். ஒரே திரவம் ஓடும் எண்ணெய் ஆலைக்கு அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

நேரத்தை அளப்பதற்கும் கோணத்தை அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். நமது மானியின் மாறிலி, ஒரு மைக்ரோ விநாடி வித்தியாசத்துக்கு விநாடிக்கு 100 கிராம் என்று கொள்வோம். விநாடிக்கு 2,500 கிராம் ஓடினால் வித்தியாசம் 25 மைக்ரோ விநாடி. குழாய் விநாடிக்கு 100 முறை அதிர்ந்தால் ஒரு சுற்றுக்கு 10,000 மைக்ரோ விநாடி. 25 என்பது அதில் 0.900 டிகிரி கோணம். குழாயின் சூடு மாறாமல் எண்ணெயின் அடர்த்தி மட்டும் குறைந்து, அதிர்வு 100.4 ஆகக் கூடினால் கோணம் 0.904 டிகிரியாகிவிடும், நேரம் அதே 25 மைக்ரோ விநாடியாகவே நிற்கும்.

மாறிய அந்த அதிர்வெண்ணும் வீணாகப் போவதில்லை. அதிலிருந்து டிரான்ஸ்மிட்டர் அடர்த்தியைத் தனியாகக் கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது. நிறையைக் கணக்கிட அது தேவையில்லை. ஆனால் ஏதாவது கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

படி 1: பொருத்துதல்

சுழலி வகை மீட்டர்களுக்கு வேண்டியதுபோல் முன்னும் பின்னும் நீளமான நேர்க்குழாய் இதற்குத் தேவையில்லை; ஓட்டம் ஓரத்தில் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் இருப்பது இந்த அளவைப் பாதிப்பதில்லை. ஆகவே இடம் கிடைக்கவில்லை என்ற கவலை வேண்டாம். குழாய் எப்போதும் நிரம்பியிருக்கிறதா, காற்று தங்காதா என்பவைதான் பார்க்க வேண்டியவை.

தேங்காய் எண்ணெய்க்கு என் பரிந்துரை: செங்குத்தான குழாயில், எண்ணெய் கீழிருந்து மேலே ஏறும்படி, U வளைவு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்குமாறு பொருத்த வேண்டும். திரவங்களுக்கு வளைவைக் கீழ்நோக்கித் தொங்கவிடுவது வழக்கம்தான். காற்று தங்காது என்பதால் அதுவும் சரியே. ஆனால் வேலை முடிந்ததும் வளைவில் எண்ணெய் தேங்கி நிற்கும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறையத் தொடங்கும். மலையடிவார ஊர்களில் மார்கழி, தை விடியற்காலையில் அந்த எண்ணெய் உள்ளேயே கட்டிவிடும். பக்கவாட்டில் நிறுத்தினால் காற்று மேலே போகும், எண்ணெய் கீழே வடியும்.

பம்பு கீழே, மீட்டர் அதற்கு மேல், கட்டுப்பாட்டு வால்வு மீட்டருக்கும் அப்பால் என்ற வரிசை நல்லது. வால்வு மீட்டருக்குப் பின்னால் இருந்தால்தான் குழாயில் அழுத்தம் நின்று அது நிரம்பியிருக்கும். மானியின் இரு பக்கத்துக் குழாய்களையும் தாங்கிகளில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மானியின் உடலைப் பிடிக்கக் கூடாது. ஃபிளாஞ்சுகள் நேருக்கு நேர் பொருந்தாதபோது போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்ப்பது நம் பிட்டர்களின் பழக்கம். இந்த மானியில் அந்த இழுவிசை குழாயின் விறைப்பிலும் சமநிலையிலும் கைவைக்கும் என்பதால், குழாயை வெட்டி மறுபடி பற்றவைப்பதே சரி.

படி 2: ஜீரோ செய்தல்

எல்லாப் படிகளிலும் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வது இதைத்தான். ஓட்டமே இல்லாதபோதும் இரண்டு காயில்களுக்கும் இடையே ஒரு மிகச் சிறிய நேர வித்தியாசம் இருக்கும். குழாய்களின் சிறு சமமின்மையும் பொருத்தியபோது ஏற்பட்ட இழுவிசையும் அதற்குக் காரணம். அதை அளந்து கழித்துவிட வேண்டும்.

முதலில் லோடிங் வெப்பநிலையில் எண்ணெயைக் கால் மணி நேரமாவது ஓட விட வேண்டும். திரையில் வெப்பநிலையும் அடர்த்தியும் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி, மீட்டருக்கு அப்பால் உள்ள வால்வை முதலிலும், முன்னால் உள்ள வால்வை அடுத்தும் மூட வேண்டும். குமிழிகள் மேலேற சில நிமிடம் பொறுத்து, சிறு ஓட்டங்களைப் பூஜ்யமாகக் காட்டும் வடிகட்டல் அமைப்பைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு ஓட்ட எண்ணைக் கவனிக்க வேண்டும். அது பூஜ்யத்தைச் சுற்றி இருபுறமும் ஆடிக்கொண்டிருந்தால் சரி, ஜீரோ கட்டளையைக் கொடுக்கலாம். ஒரே பக்கம் சாய்ந்து நின்றாலோ, மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தாலோ வால்வு கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

கசியும் வால்வோடு ஜீரோ செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எண் வேண்டும். விநாடிக்கு 5 கிராம் கசிவு என்பது நமது மானியில் 0.05 மைக்ரோ விநாடி. அதைப் பூஜ்யம் என்று ஏற்றுக்கொண்ட மானி, அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் 18 கிலோ குறைத்துக் காட்டும். மணிக்கு 9,000 கிலோ ஓடும்போது இது 0.2 சதவீதம்தான், வால்வைக் குறைத்து 900 கிலோவில் ஓட்டினால் 2 சதவீதம்.

படி 3: குழாயின் சூட்டைச் சரிபார்த்தல்

எண்ணெயின் அடர்த்தி கணக்கில் இல்லை என்பதால் வெப்பநிலைக்கும் இங்கே வேலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சூட்டில் எஃகு இளகும். 100 டிகிரி கூடினால் அதன் விறைப்பு சுமார் நாலரை சதவீதம் குறையும். விறைப்பு குறைந்தால் அதே ஓட்டத்துக்குக் குழாய் கூடுதலாக முறுகும். ஆகவே குழாயின் மேல் ஒட்டப்பட்ட வெப்ப உணரியைக் கொண்டு டிரான்ஸ்மிட்டர் இப்படித் திருத்துகிறது. இதில் `C` மானியின் மாறிலி, `Δt0` ஜீரோ செய்தபோது அளந்த நேர வித்தியாசம், `t` குழாயின் வெப்பநிலை, `t0` மாறிலி பொருந்தும் வெப்பநிலை, `k` ஒரு டிகிரிக்கு விறைப்பு குறையும் வீதம்:

```
qm = C × (Δt − Δt0) × (1 − k × (t − t0))
C = 100 g/s per µs,  k = 0.00045,  t0 = 30
```

முன்பு 25 மைக்ரோ விநாடி என்று சொன்னது குழாயின் சூடு மாறாதபோது. 55 டிகிரி எண்ணெய் ஓடும்போது அளக்கப்படும் வித்தியாசம் உண்மையில் 25.28 மைக்ரோ விநாடியாக இருக்கும். திருத்தம்தான் அதை மறுபடி 2,500 கிராமுக்குக் கொண்டுவருகிறது. உணரி கெட்டு 30 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தால், மானி 1.1 சதவீதம் கூடுதலாக எண்ணும். 9,000 கிலோ லோடில் அது ஏறத்தாழ 100 கிலோ. அடர்த்தி அளவும் இதில் சேர்ந்து கெடும்: இலேசான எண்ணெயால் கூட வேண்டிய அதிர்வெண் எஃகு இளகுவதால் குறைந்துவிடுவதால், உணரி சரியாக இல்லாவிட்டால் சூடான எண்ணெயை மானி ஆறிய எண்ணெய் என்றே நம்பிவிடும். ஆகவே தொட்டியில் ஒரு கண்ணாடி வெப்பமானியை வைத்துத் திரையோடு ஒப்பிடுவது மாதம் ஒருமுறையாவது நடக்க வேண்டும். ஓடும் எண்ணெயில் இரண்டும் ஓரிரு டிகிரிக்குள் ஒத்துப்போகும்.

படி 4: தராசோடு ஒப்பிடுதல்

முத்திரையிட்ட பிளாட்ஃபார்ம் தராசு ஒன்றும் 200 லிட்டர் டிரம்மும் போதும். டேங்கர் எடை மேடையில் ஒரு பிரிவு பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ என்பதால் நுணுக்கமான ஒப்பீட்டுக்கு அது உதவாது.

டிரம்மில் முதலில் முழு வேகத்தில், மணிக்கு 9,000 கிலோ வீதத்தில், மானி 180 கிலோ காட்டும்வரை நிரப்ப வேண்டும். 72 விநாடி ஆகும். அடுத்து டிரம்மைக் காலி செய்து, அதன் வெற்று எடையை மறுபடி பார்த்துவிட்டு, மணிக்கு 2,250 கிலோ வீதத்தில் அதே 180 கிலோ. இரண்டு வேகம் எதற்கென்றால், பிழை எங்கே இருக்கிறது என்பதை இது காட்டிக்கொடுத்துவிடும். மாறிலியிலோ வெப்பத் திருத்தத்திலோ பிழை இருந்தால் இரண்டு வேகத்திலும் ஒரே சதவீதம் தவறும். ஜீரோவில் பிழை இருந்தால், மேலே சொன்ன 18 கிலோ கணக்கில், முதல் டிரம்மில் 0.36 கிலோவும் இரண்டாவது டிரம்மில் 1.44 கிலோவும் வித்தியாசம் வரும்.

இந்த ஒப்பீட்டில் பலரைக் குழப்பும் ஒரு சிறு வித்தியாசம் உண்டு. மானி எல்லாம் சரியாக இருந்தாலும், அது 180.0 கிலோ என்னும்போது தராசு 179.8 கிலோ என்றே காட்டும். தராசில் வைத்த எண்ணெய் தன் கன அளவுக்குச் சமமான காற்றை விலக்குகிறது. அந்தக் காற்று எண்ணெயைச் சற்றே மேல்நோக்கித் தாங்குகிறது. தராசைச் சரிபார்த்த எஃகுப் படிக்கற்களையும் காற்று தாங்குகிறது என்றாலும், அவை அடர்த்தி மிக்கவை என்பதால் அந்தத் தாங்கல் மிகக் குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தேங்காய் எண்ணெயில் சுமார் 0.115 சதவீதம், 180 கிலோவில் ஏறக்குறைய 200 கிராம், 10 டன்னில் பதினொரு கிலோவுக்கு மேல். மானி நிறையை அளக்கிறது, தராசு காற்றில் எடையை அளக்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. வாங்குபவர் எடைச் சீட்டின்படிதான் பணம் தருவார் என்றால் இந்த 0.115-ஐ மானியின் திருத்தக் காரணியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எதற்காகச் சேர்த்தோம் என்று பதிவேட்டில் எழுதிவைக்காவிட்டால், அடுத்து வருகிற டெக்னீஷியன் அதைப் பிழை என்று எண்ணி அழித்துவிடுவார்.

எப்போது நம்பக் கூடாது

அடர்த்தி மாறினாலும் நிறை மாறாது என்ற விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே இருப்பது முழுவதும் குழாயோடு சேர்ந்து ஒன்றாக அசைய வேண்டும். காற்றுக்குமிழி கலந்த எண்ணெய் அப்படி அசைவதில்லை. குழாய் ஆடும்போது இலேசான குமிழி எண்ணெயை முந்திக்கொண்டு அதிக தூரம் போகும், எண்ணெய் பின்தங்கும். ஆகவே குழாய் உணரும் விசை உள்ளே உள்ள நிறைக்கு ஈடாக இருப்பதில்லை. கணக்கில் வெட்டுப்பட்டுப் போனது எண்ணெயின் அடர்த்தி மட்டுமே. இந்தப் பின்தங்கலைச் சூத்திரம் அறியாது. குலசேகரம் பக்கம் நுரைத்துவரும் ரப்பர் பாலுக்கு இந்த மானியை வைக்க நினைப்பவர்களும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எண்ணெய் ஆலையில் காற்று நுழைவது பெரும்பாலும் இரண்டு நேரங்களில். தொட்டி அடிமட்டத்துக்கு வரும்போது பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும். பிண்ணாக்குக் கசடை உலர்த்த ஃபில்டர் பிரஸ்ஸில் காற்று அடித்த உடனே ஏற்றும் எண்ணெயிலும் குமிழி இருக்கும். இதை அறிய இரண்டு எண்கள் போதும். 55 டிகிரியில் 0.896 காட்ட வேண்டிய அடர்த்தி 0.85, 0.80 என்று துள்ளும்; அதே நேரத்தில் டிரைவ் கெயின், அதாவது குழாயை ஆட்டிக்கொண்டிருக்க மானி செலவிடும் சக்தியின் சதவீதம், வழக்கமான சில சதவீதத்திலிருந்து பல மடங்காக ஏறும். இரண்டும் சேர்ந்து நடந்தால் காற்று என்று முடிவு செய்யலாம். பம்பு இழுக்கும் குழாயின் வாய்க்கு மேல் ஒரு முழம் எண்ணெய் இருக்கும்போதே லோடிங்கை நிறுத்துவதும், காற்று அடித்த எண்ணெயைத் தொட்டியில் ஒரு மணி நேரம் அமைதியாக வைப்பதும் பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும்.

அடர்த்தி குறையாமல் கூடிக்கொண்டே போனால் காரணம் வேறு: குழாயின் உட்சுவரில் உறைந்த எண்ணெயோ கசடோ படிந்திருக்கிறது. படிவு குழாயோடு சேர்ந்து ஆடுமே தவிர ஓடாது என்பதால், நிறை அளவு உடனே பெரிதாகத் தவறாது. ஆனால் அது இருபுறமும் சமமாகப் படியாதபோது ஜீரோ நகர்ந்துவிடும். ஆகவே குளிர்கால விடியலில் முதல் டேங்கருக்கு முன் 50 டிகிரி எண்ணெயைத் தொட்டிக்கே திரும்பும் பாதையில் சுற்றவிட்டு, திரையில் உள்ள அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் அதே வெப்பநிலையில் எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் மூன்றாம் தசம இடத்தில் ஓரிரு எண் வித்தியாசத்துக்குள் நின்றால் வால்வை டேங்கர் பக்கம் திருப்பலாம். நிற்கவில்லையென்றால் இன்னும் சுற்றவிட்டு, படி 2-ஐ மறுபடி செய்த பிறகே லோடிங்கைத் தொடங்க வேண்டும்.